இருபது நொடியில் நான்கு படிகள்: ஒரு மாத்திரைப் பெட்டி விளம்பரத்தின் மூன்று வரைவுகள்

இந்த ஆய்வு ஒரே ஒரு வானொலி விளம்பரத்தைப் பற்றியது. விற்கப்பட்ட பொருள், வேளை தவறாமல் மாத்திரை எடுத்துக்கொள்ள உதவும் ஒரு பெட்டி. நாளொன்றுக்கு நான்கு வேளை என்ற கணக்கில் ஒரு வாரத்துக்கு 28 அறைகள் அதில் உண்டு. வேளை வந்ததும் உரிய அறையில் விளக்கு எரியும், பெட்டி ஒலி எழுப்பும். அந்த அறையின் மூடி திறக்கப்பட்டால் குடும்பத்தில் ஒருவருடைய செல்பேசிக்குத் தகவல் போகும். ஒதுக்கப்பட்ட நேரம் 20 நொடி. கவனம், ஆர்வம், விருப்பம், செயல் என்ற நான்கு படிகளும் விளம்பரத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று விளம்பரதாரர் தம் குறிப்பில் எழுதியிருந்தார். மூன்றாவது வரைவுதான் ஒலிபரப்புக்குப் போனது. முதல் இரண்டும் நேரெதிரான காரணங்களால் கைவிடப்பட்டன. நான்கு படிச் சூத்திரத்தை எப்படிக் கையாளுவது என்பது அந்தத் தோல்விகளில்தான் தெளிவாகப் புலப்படுகிறது.

விளம்பரத் துறையில் ‘ஐடா’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சூத்திரத்தின் மூலத்தை அமெரிக்க விளம்பரக்காரரான எலியாஸ் செயின்ட் எல்மோ லூயிஸ் 1898-இல் வகுத்ததாகச் சொல்வது வழக்கம். கவனத்தை ஈர்ப்பது, ஆர்வத்தைத் தக்கவைப்பது, விருப்பத்தை உண்டாக்குவது என்ற மூன்றோடு, செயலில் இறங்க வைப்பது என்ற நான்காவது பின்னால் சேர்ந்தது. இது வாடிக்கையாளரை நேருக்கு நேர் சந்திக்கும் விற்பனையாளரை மனத்தில் வைத்து வளர்ந்த சிந்தனை. எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்து, ஆர்வம் வரவில்லை என்றால் அந்தப் படியிலேயே இன்னும் சற்று நேரம் நின்று பேச விற்பனையாளரால் முடியும். இருபது நொடி விளம்பரத்துக்கு அந்த வசதி கிடையாது. கேட்பவர் எந்தப் படியில் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் காத்திருக்க நேரமில்லை. ஆகவே சூத்திரத்தில் உள்ள நான்கு சொற்களும் கேட்பவரின் மனநிலைகளுக்கான பெயர்கள் என்பதை மறந்துவிட்டு, அவற்றை வசனத்தின் நான்கு பகுதிகளுக்கான தலைப்புகளாக எழுதுபவர் எடுத்துக்கொள்ளும் இடத்தில்தான் விளம்பரம் இயந்திரத்தனமாக மாறத் தொடங்குகிறது.

முதல் வரைவு

முதலில் எழுதப்பட்டது இது. பொருளின் பெயரை இங்கே சொல்லவில்லை. அது மூன்று அசை கொண்ட ஒரே சொல் என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

> நீங்கள் மாத்திரை சாப்பிட மறந்துவிடுகிறீர்களா? கவலை வேண்டாம்! இதோ வந்துவிட்டது (பெயர்) நவீன மாத்திரைப் பெட்டி! ஏழு நாட்கள், இருபத்தெட்டு அறைகள், ஒலி, ஒளி, செல்பேசித் தகவல் என அனைத்தும் ஒரே பெட்டியில்! உங்கள் அன்புக்குரியவர்களின் ஆரோக்கியம் இனி உங்கள் கையில்! இன்றே வாங்கிப் பயன்பெறுங்கள்!

குறிப்பில் கேட்ட நான்கும் இதில் இருக்கின்றன, வரிசை மாறாமல் இருக்கின்றன. படித்த உடனேயே இது விளம்பரம் என்று தெரிந்துவிடுவதுதான் சிக்கல். ஒவ்வொரு படியும் தொடங்கும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை நிற்கிறது. ‘களா?’ என்று முடியும் கேள்வி வந்தால் கவனம், ‘இதோ’ வந்தால் பொருள், ‘இனி’ வந்தால் கனவு, ‘இன்றே’ வந்தால் கடை. இந்தப் பலகைகளை ஆண்டுக்கணக்காகக் கேட்டுப் பழகிய காது முதல் கேள்வியிலேயே மீதியை ஊகித்துவிடும். ஊகித்த பிறகு கேட்க வேண்டிய தேவை இல்லை. முதல் நான்கு நொடியில் பிடிக்க நினைத்த கவனம், அதே நான்கு நொடியில் கைநழுவிப் போகிறது.

இதைவிட ஆழமான பிழை ஒன்றும் உண்டு. மாத்திரை போட மறப்பவர் தாம் மறப்பதை உணர்வதில்லை. உணர்ந்தால் அது மறதியே இல்லை. "மறந்துவிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு அவருடைய நேர்மையான பதில் "இல்லையே" என்பதுதான். அந்த மறதியைப் பற்றி அன்றாடம் கவலைப்படுபவர் இன்னொருவர். அவர் பெரும்பாலும் வேறு வீட்டிலோ வேறு ஊரிலோ இருக்கும் மகனோ மகளோ. பெட்டியை வாங்கப்போகிறவரும் அவரே. ஆனால் முதல் வரைவு தொடக்கத்தில் மறப்பவரிடம் பேசுகிறது. ‘அன்புக்குரியவர்கள்’ என்ற இடத்தில் யாரிடமும் சொல்லாமல் வாங்குபவரின் பக்கம் திரும்பிவிடுகிறது. நடுவில் கேட்பவர் மாறிவிட்டதை எழுதியவர் கவனிக்கவில்லை. நான்கு பகுதிகளையும் தனித்தனியாக நிரப்பினால் இப்படித்தான் நேரும், ஏனென்றால் ஒவ்வொரு பகுதியும் தனக்கென ஒரு கேட்பவரைக் கற்பனை செய்துகொள்கிறது.

‘உங்கள் அன்புக்குரியவர்களின் ஆரோக்கியம் இனி உங்கள் கையில்’ என்ற வரி விருப்பத்தைத் தூண்ட வேண்டிய வரி. பெட்டியின் பெயரை எடுத்துவிட்டு ரத்தப் பரிசோதனை, சமையல் எண்ணெய், உடற்பயிற்சிக் கருவி என எதை வைத்தாலும் இந்த வரி அப்படியே பொருந்தும். இப்படி எதற்கும் பொருந்தும் வரி கேட்பவருக்குள் குறிப்பிட்ட எந்தக் காட்சியையும் எழுப்புவதில்லை. போதாததற்கு, அது உண்மையைவிட அதிகமாகவும் சொல்கிறது. ஒரு பெட்டியின் மூடி திறந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்வதால் மட்டும் ஆரோக்கியம் யார் கைக்கும் வந்துவிடாது.

இரண்டாவது வரைவு

முதல் வரைவு இயந்திரத்தனமாக ஒலிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. உடனே எழுந்த எதிர்வினை, சூத்திரத்தையே ஓரமாக வைத்துவிட்டு ஒரு குட்டி நாடகம் எழுதுவது. மகள் தொலைபேசியில் அழைத்து, மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்கிறாள். தாய்க்கு நினைவில்லை. மாத்திரை அட்டையை எடுத்து, மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்க்கிறார்: "பத்துல ஏழு இருக்கு... நேத்து எட்டா இருந்துச்சு, ஏழா இருந்துச்சு?" மகள் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள், தாய் திரும்பவும் எண்ணுகிறார், அட்டை இரண்டு இருப்பது நடுவில்தான் தெரியவருகிறது. இப்படியே 16 நொடி ஓடுகிறது. கடைசி நான்கு நொடியில் பெட்டியின் பெயரும், அது மருந்துக் கடைகளில் கிடைக்கும் என்ற தகவலும் வருகின்றன.

எழுத்தாகப் பார்த்தால் இது முதல் வரைவைவிடப் பல மடங்கு மேல். அட்டையை எண்ணும் அந்த இடம் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அப்படியே நடக்கும் ஒன்று. குழு இதை ஒலிப்பதிவு செய்து, வேறு விளம்பரங்களுக்கு நடுவே செருகி, விளம்பரத்தோடு தொடர்பில்லாத சிலருக்கு ஒரே ஒரு முறை போட்டுக் காட்டியது. முடிந்ததும் மூன்று கேள்விகள் மட்டும் கேட்கப்பட்டன: அது எதைப் பற்றிய விளம்பரம், யாருக்கான விளம்பரம், என்ன செய்யச் சொன்னது. பிடித்திருந்ததா என்று கேட்காமல் விட்டது வேண்டுமென்றே செய்த காரியம். பிடித்திருந்தது என்று சொல்வது மரியாதை. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

அட்டை எண்ணும் இடத்தைக் கேட்டவர்கள் சிரித்தபடியே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் எதைப் பற்றிய விளம்பரம் என்பதற்கு ஒருவர் மருந்துக் கடை என்றார், இன்னொருவர் தொலைபேசி நிறுவனம் என்றார். தொலைபேசி உரையாடலாகவே முழு விளம்பரமும் நகர்ந்ததால் இரண்டாவது பதிலைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவது கேள்விக்குப் பதிலே வரவில்லை. கவனமும் ஆர்வமும் தாராளமாகக் கிடைத்தன, ஆனால் அவை பெட்டியின் மேல் விழாமல் நகைச்சுவையின் மேல் விழுந்தன. பொருள் கடைசியில் வந்தபோது கேட்பவரின் மனத்தில் அதற்கான கேள்வி எதுவும் மிச்சமில்லை, கதை முடிந்துவிட்டிருந்தது.

சூத்திரத்தின் உண்மையான பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. எழுதும்போது அச்சாக வைத்துக்கொண்டால் அது வசனத்தைக் கெடுக்கிறது. எழுதி முடித்த பிறகு அளவுகோலாக எடுத்துக்கொண்டால் ஓட்டை எங்கே என்று சரியாகக் காட்டுகிறது. இரண்டாவது வரைவில் ஆர்வம் விருப்பமாக மாறுவதற்கான பாலம் இல்லை. தாயும் மகளும் தவிப்பதைக் கேட்டோம். அந்தத் தவிப்பு தீர்ந்தால் அவர்களுடைய நாள் எப்படி இருக்கும் என்பதைக் கேட்கவே இல்லை.

மூன்றாவது வரைவு

ஒலிபரப்பான வசனம் கீழே உள்ளது.

> மகள்: அம்மா, மாத்திரை போட்டாச்சா?
>
> தாய்: போட்டேன்னு நினைக்கிறேன்.
>
> (ஒரு நொடி மௌனம்)
>
> தாய்: எதுக்கும் இன்னொண்ணு போட்டுக்கவா?
>
> மகள்: வேண்டாம்மா!
>
> அறிவிப்பாளர்: (பெயர்) மாத்திரைப் பெட்டி. நேரம் வந்தா கூப்பிடும். மூடியைத் திறந்தா உங்க போனுக்குச் சொல்லும்.
>
> (மூடி திறக்கும் சிறு ஓசை)
>
> தாய்: என்ன, மாத்திரையா?
>
> மகள்: அது தெரியும்மா. நீ எப்படி இருக்கே?
>
> அறிவிப்பாளர்: (பெயர்). அடுத்த தடவை மாத்திரை வாங்கும்போது கேளுங்க.

முதல் வரைவையும் இதையும் எண்ணிப் பார்த்தால் இரண்டிலும் 33 சொற்கள்தாம் உள்ளன. பொருளின் பெயர் இதில் இரண்டு முறை வருகிறது, அதில் ஒரு முறைதான் வந்தது. அப்படியிருந்தும் எண்ணிக்கை ஒன்றே. தமிழில் சொற்களை எண்ணி நேரத்தைக் கணிப்பது நம்பத்தக்க வழியாக இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘மறந்துவிடுகிறீர்களா’ ஒரே சொல், ஆனால் வாயில் ஒன்பது அசை. ‘என்ன’ என்பதும் ஒரே சொல், இரண்டே அசை. (இங்கே அசை என்பது உச்சரிப்பின் அசை, யாப்பிலக்கணத்தின் நேர், நிரை அல்ல.) அப்படி எண்ணினால் முதல் வரைவில் 101 அசையும், மூன்றாவதில் 94 அசையும் வருகின்றன. நிதானமான பேச்சில் நொடிக்கு ஐந்து அசை சொச்சம் என்று கொண்டால், முதல் வரைவு 20 நொடியையும் மூச்சு விடாமல் தின்றுவிடுகிறது. மூன்றாவதில் ஒன்றரை நொடிக்கு யாரும் பேசாமல் இருக்க முடிகிறது. ஏழு அசையைக் குறைத்ததில் கிடைத்தது அந்த ஒன்றரை நொடி. விளம்பரம் நிற்பதே அதன் மேல்தான் என்று சொல்லலாம்.

கவனம் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். "மாத்திரை போட்டாச்சா?" என்பது எந்த வீட்டிலும் கேட்கும் கேள்வி, அதில் அதிர்ச்சி ஏதும் இல்லை. அதைத் தினமும் கேட்பவருக்கு அது தம்முடைய சொந்த வாக்கியம். அந்த ஒருவர் மட்டும் காதைத் திருப்பினால் போதும், மற்றவர்கள் பெட்டி வாங்கப் போவதில்லை. உண்மையான பிடி அதற்கு அடுத்த வரியில் உள்ள ‘நினைக்கிறேன்’. ‘போட்டேன்’ என்றோ ‘போடவில்லை’ என்றோ சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ‘நினைக்கிறேன்’ என்றதும் வரும் மௌனத்தில், கேட்பவர் மகளின் இடத்தில் நின்று, இப்போது என்ன சொல்வது என்று தாமே யோசிக்கிறார். அந்த யோசனைக்குப் பெயர்தான் ஆர்வம். கவனம் முடிந்து ஆர்வம் தொடங்கும் எல்லை ஒரு வாக்கியத்துக்கு உள்ளேயே விழுந்துவிட்டதால், காதுக்குத் தையல் தெரிவதில்லை.

"எதுக்கும் இன்னொண்ணு போட்டுக்கவா?" என்ற வரி வந்ததும் பிரச்சினையின் அளவே மாறிவிடுகிறது. அதுவரை ஒரு வேளை தவறிப்போவது மட்டுமே கவலையாக இருந்தது; இப்போது ஒரே மாத்திரையை இரண்டு முறை விழுங்கும் ஆபத்தும் சேர்கிறது. அதை விளக்க ஒரு சொல்கூடச் செலவாகவில்லை. மகள் பதறிச் சொல்லும் ‘வேண்டாம்மா’ போதுமானதாக இருந்தது. மருத்துவத் தகவலை அறிவிப்பாளர் வாயில் வைத்திருந்தால் குறைந்தது நான்கு நொடி போயிருக்கும், பயமுறுத்தும் தொனியும் வந்திருக்கும்.

ஏறத்தாழ ஏழாவது நொடியில் பொருள் நுழைகிறது. இரண்டாவது வரைவில் கதை முடிந்த பிறகு வந்த பெயர், இதில் கேள்வி தொங்கிக்கொண்டிருக்கும்போதே வருகிறது. கேட்பவருக்கு அப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான்: போட்டாரா இல்லையா என்பதை எப்படி அறிவது. ஆகவே பெட்டியின் எல்லாச் சிறப்புகளிலும் அந்தக் கேள்விக்குப் பதிலாக அமையும் இரண்டு மட்டும் வசனத்தில் இடம்பெற்றன. 28 அறைகளும் விளக்கும் வெளியே போயின. விளம்பரதாரருக்கு இதில் வருத்தம் இருந்தது. அந்த அறைகளை வடிவமைப்பதற்குத்தான் அதிகம் உழைத்திருந்தார்கள். ஆனால் கேட்பவரின் மனத்தில் எழாத கேள்விக்குச் சொல்லப்படும் பதில் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பட்டியலாகவே ஒலிக்கும். அறைகளின் எண்ணிக்கை பெட்டியின் அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. கையில் எடுத்துப் பார்க்கும்போது அது தானாகத் தெரியப் போகிறது.

‘மூடியைத் திறந்தா’ என்ற இடத்தில் நீண்ட விவாதம் நடந்தது. ‘மாத்திரை போட்டா உங்க போனுக்குச் சொல்லும்’ என்பது இன்னும் இயல்பாக, கேள்விக்கு நேரான பதிலாக இருந்திருக்கும். ஆனால் அது உண்மையில்லை. பெட்டிக்குத் தெரிவது மூடி திறந்தது மட்டுமே. மாத்திரை வாய்க்குப் போனதா, மேசையில் கிடக்கிறதா என்பது தெரியாது. இருபது நொடிக்குள் திருத்தம் சொல்லவோ நிபந்தனை சேர்க்கவோ இடம் கிடையாது. ஆகவே சொல்லும் சொல்லே துல்லியமாக இருந்தாக வேண்டும். உடல்நலம் சம்பந்தப்பட்ட பொருளில் இது பேரம் பேசக்கூடிய விஷயமே இல்லை. துல்லியம் இங்கே எழுத்துக்கும் உதவியது. மூடி என்ற பொருள் காதுக்குள் வந்ததால், அடுத்து வரும் சிறு ஓசை என்ன ஓசை என்பது விளக்கம் இல்லாமலே புரிந்தது; அந்த அரை நொடி ஓசை ஒரு நாள் கடந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டது.

அதற்கடுத்த இரண்டு வரிகள்தாம் விருப்பத்துக்கானவை. அவற்றில் பொருளைப் பற்றி ஒரு புகழ்ச்சொல்லும் இல்லை. தாய் "என்ன, மாத்திரையா?" என்று சற்றே சலித்துக் கேட்கிறார், மகள் அழைத்தாலே விசாரணைதான் என்று அவருக்குப் பழகிவிட்டது. மகள் "அது தெரியும்மா" என்று கடந்துபோய் வேறு கேள்வி கேட்கிறாள். வாங்குபவர் உண்மையில் ஏங்குவது பெட்டிக்காக அல்ல என்று குழு முடிவுசெய்திருந்தது. அம்மாவிடம் செவிலியர் போலப் பேசாமல் மகள் போலப் பேச வேண்டும் என்பதே அந்த ஏக்கம். அதைச் சொன்னால் உபதேசமாகிவிடும். கேட்க வைத்தால் கேட்பவர் தாமாகவே தம் வீட்டுத் தொலைபேசியோடு ஒப்பிட்டுக்கொள்வார். இந்த வரி முதலில் "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றுதான் எழுதப்பட்டிருந்தது. ஒத்திகையில் மகளாகப் பேசிய குரல் கலைஞர், தாம் தம் அம்மாவை ‘நீங்க’ என்று கூப்பிட்டதே இல்லை, சொல்லும்போது யாரோ அத்தையிடம் பேசுவது போல் இருக்கிறது என்றார். ‘நீ எப்படி இருக்கே’ என்று மாற்றியதும் இரண்டு அசை குறைந்தது, தூரமும் குறைந்தது. பெற்றோரை மரியாதைப் பன்மையில் அழைக்கும் குடும்பங்களும் இருப்பதால் இதைப் பொது விதியாகச் சொல்ல முடியாது. இந்த இரு குரல்களுக்கு இதுவே பொருந்தியது.

செயல் என்ற படியில் நடந்த இழுபறி

கடைசி வரியை விளம்பரதாரர் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "அடுத்த தடவை கேளுங்க என்றால் அவர்கள் அடுத்த தடவைதானே கேட்பார்கள்? இன்றே வாங்குங்கள் என்று ஏன் சொல்லக் கூடாது?" என்பது அவர் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் வானொலியில் இதைக் கேட்பவர் வண்டி ஓட்டிக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ இருக்கிறார். ‘இன்றே’ என்ற கட்டளையை நிறைவேற்ற அவர் அப்போது செய்யக்கூடியது எதுவும் இல்லை. செய்ய முடியாத கட்டளை காதில் தங்காது. மாத்திரை வாங்குவதோ மாதம்தோறும் நடந்தே தீரும் வேலை. கடையின் முன் சீட்டோடு நிற்கும் அந்தத் தருணத்தைச் செயலோடு கட்டிவைத்தால், அந்தத் தருணம் வரும்போது விளம்பரம் நினைவுக்கு வர ஒரு வழி பிறக்கிறது. ‘வாங்குங்க’ என்பதற்குப் பதில் ‘கேளுங்க’ என்று வைத்ததும் இதே காரணத்தால்தான். இருபது நொடி கேட்டுவிட்டு ஒரு கருவியை வாங்க யாரும் முடிவெடுப்பதில்லை. அப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரிக்க முடிவெடுக்கிறார்கள்.

இந்த வரிக்கு ஒரு விலை உண்டு. கேட்கச் சொல்லிவிட்டால், கேட்ட இடத்தில் பொருள் இருந்தாக வேண்டும். கடைக்காரர் ‘அப்படி ஒண்ணும் இல்லையே’ என்று சொல்லிவிட்டால், விளம்பரம் எழுப்பிய விருப்பம் அங்கேயே செத்துவிடும், திரும்பவும் எழுப்புவது முன்னைவிடக் கடினம். பெட்டி கடைகளுக்குப் போய்ச் சேரும் வரை ஒலிபரப்பைத் தள்ளிவைக்க விளம்பரதாரர் சம்மதித்ததால்தான் இந்த வரி நிலைத்தது. அந்தச் சம்மதம் கிடைக்காமல் இருந்திருந்தால் வேறு செயலைத் தேடியிருக்க வேண்டும்.

ஒலிப்பதிவில் கெடக்கூடியவை

தாளில் இயல்பாக இருந்த வசனம் ஒலிப்பதிவுக் கூடத்தில் மீண்டும் இயந்திரமாகிவிடக்கூடும். முதல் டேக்கில் அது நடந்தது. அறிவிப்பாளர் பொருளின் பெயர் வரும் இடத்தில் வழக்கம்போலக் குரலை உயர்த்தினார். அதுவரை ஒரு வீட்டுக்குள் இருந்த கேட்பவர் அந்த ஒரு சொல்லில் வெளியே தள்ளப்பட்டார். ‘இதோ’ என்ற சொல் வசனத்தில் இல்லாவிட்டாலும் தொனியில் திரும்பி வந்துவிட்டது. மகள் ‘வேண்டாம்மா’ என்று முடித்த அதே சுருதியில், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போல அந்த வரியைத் தொடங்கச் சொன்னதும் சரியாயிற்று.

இரண்டாவது ஆபத்து எடிட்டிங்கில் வந்தது. நல்ல டேக் 21 நொடிக்கு மேல் ஓடியது. ஓட்டத்தின் வேகத்தை மென்பொருளில் சற்றே கூட்டினால் நேரம் சரியாகிவிடும் என்று எடிட்டர் சொன்னார். அல்லது மௌனத்தைப் பாதியாக வெட்டலாம். இரண்டுமே வேண்டாம் என்று முடிவானது. வேகத்தைக் கூட்டினால் இரு குரல்களும் ஒரே தாளத்தில் ஓடத் தொடங்கிவிடும். மௌனத்தை வெட்டினால் ‘நினைக்கிறேன்’ வெறும் தகவலாகச் சுருங்கிவிடும். தொடக்கத்தில் வைத்திருந்த தொலைபேசி மணியோசைதான் வெட்டப்பட்டது. ‘அம்மா’ என்ற விளி வந்ததுமே தொலைபேசி உரையாடல் என்பது குரலின் தன்மையிலேயே தெரிகிறது, அதனால் மணி தேவைப்படவில்லை. தொலைபேசி நிறுவன விளம்பரம் என்ற குழப்பத்துக்கு இருந்த வாய்ப்பும் அதோடு குறைந்தது. கடைசிச் சொல் இருபதாவது நொடிக்கு முன்பே முடியும்படி சிறிது இடம் விடப்பட்டது. ஒதுக்கிய நேரத்தைத் தாண்டினால் ‘கேளுங்க’ என்ற சொல்லின் வால் அறுந்துபோகும்.

திருத்திய பதிவை முன்பு போலவே வேறு விளம்பரங்களுக்கு நடுவே வைத்து, புதியவர்களிடம் அதே மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன. பெட்டி என்பதைப் பெரும்பாலானோர் சொன்னார்கள். பொருளின் பெயர் எல்லோருக்கும் நினைவில் இல்லை, ஆனால் கடையில் எப்படிக் கேட்பீர்கள் என்றதற்கு ‘மூடியைத் திறந்தால் போனுக்குச் சொல்லும் பெட்டி’ என்று விவரித்தார்கள். ஒரு முறை கேட்டதற்கு அது போதுமான விளைவு. பெயரைப் பதிய வைப்பது மறுஒலிபரப்பின் வேலை.

வேறு வடிவங்களுக்கு மாற்றியபோது

இதே வசனத்தைக் காணொலியாக்கியபோது கணக்கு சற்று மாறியது. ஐந்து நொடிக்குப் பிறகு விளம்பரத்தைத் தாண்டிப்போகும் வசதி உள்ள தளங்களில், ஏழாவது நொடியில் நுழையும் பொருளைப் பலர் பார்க்கவே மாட்டார்கள். வசனத்தின் வரிசையை மாற்றினால் கேள்விக்கு முன்பே பதில் வந்துவிடும் என்பதால், வசனம் அப்படியே விடப்பட்டது. மாறாக, முதல் சட்டகத்திலிருந்தே பெட்டி மகளுக்குப் பக்கத்தில், இன்னும் பிரிக்கப்படாத அட்டையோடு, பெயர் தெரியும்படி மேசையில் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. தாண்டிப்போனவர்களும் பெயரைக் கண்ணால் ஒரு முறை கடந்துதான் போனார்கள்.

பத்து நொடி வடிவம் ஒன்றும் கேட்கப்பட்டது. அதில் இரண்டு தொலைபேசி உரையாடல்களுக்கும் இடம் போதவில்லை. ஒவ்வொரு படியையும் பாதியாகச் சுருக்கிப் பார்த்ததில் முதல் வரைவின் சாயலே திரும்பி வந்தது. கடைசியில் விருப்பத்துக்கான இரண்டாவது உரையாடலை முழுவதுமாக விட்டுவிட்டு, ‘நினைக்கிறேன்’ என்பதையும் அதன் மௌனத்தையும் பெட்டியின் பெயரையும் கடைசி வரியையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். இருபது நொடி வடிவத்தை ஏற்கெனவே கேட்டவர்களுக்கு விடுபட்ட பகுதி தானாக நினைவில் ஓடும் என்பதால், நீண்ட வடிவம் சில வாரங்கள் ஓடிய பிறகே குறுகிய வடிவத்தைப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு அது கொடுக்கப்பட்டது.